புதுப்பிப்பு: கல்முனை கிளினிக் வேலைக்கு பல் வைத்தியர் சுயவிபரக்கோவை

சுயவிபரக்கோவையில் போடுவது பற்றி அன்று இங்கே நான் கேட்டது: "ஒரு நாளைக்கு 40 நோயாளி என்று போட்டால் போதுமா?"

போதாது. மூத்த டொக்டர் ஒருவர் சொன்னது சரி: அந்த 40 வெளிநோயாளர் பிரிவில் வாயைப் பார்த்து அனுப்பிய கணக்கு. தனியார் கிளினிக் பார்ப்பது கதிரையில் முடித்த வேலையை. இப்போதுள்ள வரி: 26 கிழமை, கிழமைக்கு 5 நாள், நாளுக்கு 12 பேர், மொத்தம் 1,560 வருகைகள். "நோயாளிகள்" என்று எழுதவில்லை. ஒரு ரூட் கெனாலுக்கே ஒருவர் 3 தடவை வரலாம்.

ரூட் கெனாலையும் பிரித்தாயிற்று: தனியாகச் செய்தவை, முன்பல் 34, கடைவாய்ப்பல் 6. உதவிக்கு நின்றவை வேறு வரியில். கலந்து எழுதினால், நேர்முகத்தில் ஒரு எக்ஸ்ரேயை நீட்டி "எத்தனை கால்வாய், நீளம் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டவுடன் பிடிபடும்.

"கருவிப் பெயரெல்லாம் அடுக்குங்க" என்றவர் பாதி சரி. கால்வாய் நீளம் அளக்கும் ஏபெக்ஸ் லொக்கேட்டரும் பல்லுக்கான டிஜிட்டல் எக்ஸ்ரே ஆர்விஜியும் ரூட் கெனால் வரியிலேயே இருக்கின்றன. தனிப் பட்டியல் வெறும் கடைப் பட்டியல். இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கம் பெயருக்குக் கீழே.

பதிவுப் பரீட்சை பற்றிக் கேட்ட மட்டக்களப்புத் தம்பிக்கு: வெளிநாட்டுப் பட்டத்துக்கான அந்தப் பரீட்சை வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள்.

பல் பிடுங்கியதை ஆள் கணக்கில் போடுவதா, பல் கணக்கிலா என்பது இன்னும் இழுபறிதான்.