பழமொழிப் பேச்சைச் சுருக்க உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் ஏரிப் பாசன சங்கக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் பேசியதைத் தீர்மானப் புத்தகத்துக்குச் சுருக்கி எழுதுகிறேன். வாயைத் திறந்தால் பழமொழிதான், அத்தனையும் கருத்துள்ளவை.

“மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி” என்றதை, “விவசாயிகள், அதிகாரிகள் இரு தரப்பும் சங்கத்தையே குறை சொல்கிறார்கள்” என்று எழுதினேன். கடைமடைக்காரர்களைப் பார்த்து “அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்” என்றார். அதை “தண்ணீர் வராதவர்கள் உடனே மனு கொடுக்க வேண்டும்” என்று மாற்றினேன். இவை சரிதானே?

சிக்கல் மதகுப் பேச்சில்தான். “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சூடு ஆறுவதற்குள் பழுது பார்க்கச் சொல்கிறாரா, காலம் கடந்துவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்கிறாரா? முன்னதென்றால் அது கோரிக்கை, பின்னதென்றால் வெறும் வருத்தம். அவரிடமே கேட்கலாம், ஆனால் ஊரில் இல்லை. இதுபோல எழுதிப் பழகியவர்கள் எப்படிப் பதிவு செய்வீர்கள்?