கொடுத்தது 75,000, பில்வாரி நிலுவையில் பில் முழுசா நிக்குது: உங்களுக்கும் நடந்திருக்கா?

வலைக்கடை, மண்டபம்
தடைக்காலத்துல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், எங்க கடையில எல்லாமே கடன் வியாபாரம்தான். போட் கடலுக்குப் போன பிறகுதான் பணம் வரும், அதுவும் துண்டு துண்டா. ஒரு போட்கார அண்ணன் மே 8ல வலையும் கயிறும் எடுத்தார். பில் 214, ரூ.86,400, தவணை 30 நாள். அன்னிக்கே கையில 20,000. ஜூன் 20ல ஜிபேயில 30,000, ஜூலை 5ல 25,000. நடுவுல ஜூலை 2ல இன்னொரு பில், 251, ரூ.18,600.

ஜூலை மாச ஸ்டேட்மென்ட் அனுப்பினேன். கையில பிடிச்சுக்கிட்டு கடைக்கே வந்துட்டார். "ஏம்ப்பா, நான் கொடுத்த அம்பதாயிரம் எங்க?" ஜூலை 1ல இருந்து எடுத்த ஸ்டேட்மென்ட், அதனால மேல ‘ஆரம்ப நிலுவை 36,400’னு ஒரே வரி. 214ங்கிற நம்பரே அதுல இல்ல. அப்புறம் 18,600 ஏறி 55,000, 25,000 கழிஞ்சு 30,000. கணக்கு சரி, ஆனா அவருக்கு அது எப்படித் தெரியும்?

சரினு டாலியில பில்வாரி நிலுவையை எடுத்துக் காட்டினேன். அது இன்னும் மோசம். 214 முழுசா 86,400, 54 நாள் தாமதம். கீழ தனியா `On Account` 75,000 கழிவு. அவர் முகத்தைப் பாக்க முடியல.

தொண்டி கணக்கு
தம்பி, ரசீது போடும்போது `On Account`னு விட்டிருக்கீங்க. பணம் கஸ்டமர் கணக்குல விழுந்துச்சு, பில்லைத் தொடல. மூணு ரசீதையும் திறந்து `Agst Ref` கொடுத்து 214ஐக் காட்டுங்க. அப்புறம் அதே வரியில `Opening Amount` 86,400னும் `Pending Amount` 11,400னும் நிக்கும். மொத்தம் மாறாது, 11,400ம் 18,600ம் சேர்ந்து அதே 30,000தான். ஆனா 54 நாள் அப்படியேதான் இருக்கும். கெடு முடிஞ்ச ஜூன் 7ல இருந்து எண்ணும், கடைசியா பணம் வந்த நாளில இருந்து இல்ல. அதையும் அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லேன்னா அதுக்கு ஒரு சண்டை வரும்.

இன்னொண்ணு, ஸ்டேட்மென்டை மாச முதல் தேதியில வெட்டாதீங்க. பழைய பில் தீராம இருந்தா அந்தப் பில் தேதியில இருந்தே எடுங்க. நாலு வரி கூடும், அவ்வளவுதான்.

பாம்பன் நண்டு
எனக்கும் இதே கொடுமைதான். நண்டு எடுக்கிற ஏஜென்ட் மூணு தடவையா கொடுத்தான், கடைசியில 600 குறையுது. கேட்டா ‘செத்த நண்டு கழிச்சாச்சு’ங்கறான். என் நோட்டுல அந்த 600 ஆறு மாசமா உக்காந்திருக்கு.

தொண்டி கணக்கு
அக்கா, அது வேற. உங்களுது பாக்கி இல்ல, தகராறு. ஒத்துக்கிட்டா கிரெடிட் நோட் போட்டு அந்தப் பில்லுல கழிங்க, இல்லேன்னா அவன்கிட்ட எழுதி வாங்குங்க. சும்மா விட்டா வருஷக்கணக்கா நிக்கும்.

கீழக்கரை ஸ்டோர்
இதுல என்ன குழப்பம்? கொடுத்த காசு பழைய பில்லுக்குத்தான் முதல்ல போகும். சட்டமே அப்படித்தான்.

தொண்டி கணக்கு
பாதி சரி, பாய். 1872 ஒப்பந்தச் சட்டம் 59, 60, 61ஆம் பிரிவு பாருங்க. எந்தக் கடனுக்குனு கொடுக்கிறவர் சொன்னா அதுக்குத்தான் வைக்கணும். அவர் சொல்லலேன்னா வாங்கினவர் இஷ்டம். ரெண்டு பேருமே சொல்லாதப்பதான் பழசுல இருந்து வரிசையா.

வலைக்கடை, மண்டபம்
அய்யோ, இங்கதான் மாட்டிக்கிட்டேன். ஜூலை 5 ஜிபேயில ‘புது வலை’னு எழுதியிருக்கார். 251 அவர் மச்சான் போட்டுக்கு எடுத்தது, ஆனா பில் இவர் பேர்ல.

தொண்டி கணக்கு
அப்போ 25,000ல 18,600 போய் 251 தீர்ந்துடும். மீதி 6,400 தான் 214க்கு. 214ல நிலுவை 11,400 இல்ல, 30,000. மொத்தம் அதேதான், ஆனா முப்பதாயிரமும் கெடு தாண்டின பாக்கி ஆயிடுது.

கீழக்கரை ஸ்டோர்
மே மாசம் வாங்கினதும் புது வலைதானே காக்கா?

வலைக்கடை, மண்டபம்
அதான் நானும் யோசிக்கிறேன். ரெண்டு ரசீதை 214ல வச்சுட்டேன். மூணாவதை இப்போதைக்கு `On Account`லயே விட்டிருக்கேன். அண்ணன் கடல்ல இருக்கார், கரைக்கு வந்ததும் கேக்கணும்.