பாட்டியின் முகமும் 15 நூல்களும்: நிறத்தைக் குறைத்தால் முகம் நிற்குமா?

மாலதி: என் பாட்டியின் புகைப்படத்தைக் குறுக்குத் தையலில் கொண்டுவர நினைக்கிறேன். 14 கவுண்ட் ஐடா துணி, அதாவது அங்குலத்துக்கு 14 தையல்; படத்தின் அகலம் 100 தையல். மென்பொருள் 42 நிறம் கேட்டது. 15 ஆகக் குறைத்தேன். கண்கள் கறுப்புத் திட்டாகிவிட்டன, கன்னத்தில் பச்சை படர்ந்துவிட்டது. 15 நிறத்துக்குள் முகம் முகமாகவே இருக்க வழி உண்டா?

பாலா: 15 போதாது. குறைந்தது 30 வையுங்கள். முடியாது என்றால் டிதரிங்கை இயக்குங்கள். இரண்டு நிறத் தையல்களை மாற்றி மாற்றி இறைத்துவிட்டால், கண் அவற்றைக் கலந்து மூன்றாவது நிறமாகப் பார்த்துக்கொள்ளும். செய்தித்தாள் படங்கள் அப்படித்தானே அச்சாகின்றன?

வசந்தி: செய்தித்தாளில் புள்ளி பொடி. இங்கே ஒரு தையல் 1.8 மில்லிமீட்டர், தம்பி. சுவரில் மாட்டி ஆறு மீட்டர் தள்ளி நின்றால்தான் கலக்கும். அவ்வளவு பெரிய கூடம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? தைப்பவர் பாட்டையும் பாருங்கள். கன்னம் முழுக்க ஒற்றை ஒற்றைத் தையலாகச் சிதறும். ஒவ்வொன்றுக்கும் நூலை மாற்ற வேண்டும், பின்பக்கம் சிக்கு மலையாகும்.

மாலதி, நிறத்தை விடுங்கள். அந்த 100 தையலில் முகத்துக்கு எத்தனை கிடைக்கிறது?

மாலதி: இடுப்பு வரை உள்ள படம், அக்கா. எண்ணிப் பார்த்தேன், முகத்தின் அகலம் 36 தையல்.

வசந்தி: கண் போனதற்கு அதுதான் காரணம். முகத்தின் அகலம் சுமாராக ஐந்து கண் அகலம். 36ஐ ஐந்தால் வகுத்தால் கண்ணுக்கு ஏழு தையல். அதில் கருவிழிக்கு மூன்று, இரு பக்கமும் வெள்ளைக்கு இரண்டிரண்டு. விழியில் மினுங்கும் ஒளிப்பொட்டுக்கு இடமே இல்லை. 42 நிறம் என்ன, 400 வைத்தாலும் அந்த ஏழு கட்டத்தில் கண் வராது. படத்தைத் தோளுக்கு மேலே வெட்டி, முகம் 70 தையலாகும்படி வையுங்கள். கண் 14 தையலாகும், கருவிழிக்கு ஐந்தாறு கிடைக்கும், ஒளிப்பொட்டுக்கும் ஒரு தையல் ஒதுக்கலாம்.

முருகேசன்: இதை நான் ஏற்கவில்லை. பெல் ஆய்வகத்தில் இருந்த லியோன் ஹார்மன் 1973இல் லிங்கனின் படத்தை மிகப் பெரிய கட்டங்களாக மாற்றிக் காட்டினார். கண்ணுக்கு ஒரு கட்டம்கூட ஒழுங்காக இல்லை. ஆனாலும் யார் பார்த்தாலும் லிங்கன் என்றார்கள். கட்டம் குறைந்தால் முகம் போய்விடும் என்பது வெறும் பயம்.

வசந்தி: லிங்கனை ஊருக்கே தெரியும். தாடியும் நெற்றியும் போதும், மீதியை மனம் நிரப்பிவிடும். மாலதியின் பாட்டியை வருகிற விருந்தாளி பார்த்ததே இல்லை. அந்த லிங்கன் படத்தையும் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். கட்டங்களின் ஓரம் மங்கினால்தான் முகம் எழும். ஆனால் உங்கள் லிங்கன் வேறொன்றைச் சொல்கிறார். அது முழுக்கச் சாம்பல் படம். நிறமே இல்லை, வெளிச்சமும் இருட்டும் வரிசை மாறாமல் இருந்தன, முகம் நின்றது.

சரசு: நூல் எண் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கடையில் 310 கேட்டேன், கறுப்புக்கு. ஆங்கர் 310 எடுத்துக் கொடுத்தார்கள். அது பழுப்பு! டிஎம்சியில்தான் 310 கறுப்பு, ஆங்கரில் கறுப்பு 403. ராதையின் கூந்தல் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள்.

மாலதி: நான் எண் கேட்கவில்லையே, சரசம்மா! இருந்தாலும் குறித்துக்கொண்டேன். வசந்தி அக்கா, பச்சைக் கன்னம் எதனால்?

வசந்தி: மென்பொருள் பரப்பைப் பார்த்துத்தான் நிறத்தைப் பங்கு போடுகிறது. பின்னால் இருக்கும் சுவரும் சேலையும் பெரிய பரப்பு, 15இல் பாதியை அவை தின்றுவிடும். தோலுக்கு நான்கைந்துதான் மிஞ்சும். பிறகு அந்த ஒவ்வொன்றுக்கும் நெருக்கமான நூலைத் தனித்தனியாகத் தேடுகிறது. ஒன்றுக்குச் சிவந்த பழுப்பு, அடுத்ததற்குப் பாசிப் பழுப்பு. படம் டியூப்லைட்டில் எடுத்ததாக இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

சுவரை முழுக்க அழித்துவிட்டு, முகத்தோலை மட்டும் தனியாக வெட்டி, இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஆறு நிறமாகக் குறையுங்கள், டிதரிங் இல்லாமல்:

```
magick mugam.png -resize 70x +dither -quantize Lab -colors 6 thol.png
```

வரும் ஆறும் நூல் அல்ல, ஆறு வெளிச்சப் படிகள். அவற்றுக்கு ஒரே குடும்பத்து நூல்களை இருட்டிலிருந்து வெளிச்சம் வரை வரிசையாகப் போடுங்கள். மாநிறத் தோலுக்கு டிஎம்சியில் 938, 801, 433, 434, 435, 436 நல்ல ஏணி. நிறம் படத்தோடு அச்சாகப் பொருந்தாது, பரவாயில்லை. வரிசை மட்டும் பிசகக் கூடாது.

இமைக்கோட்டுக்கும் கண்பாப்பாவுக்கும் 3371. 310ஐ விட அது தோலோடு இணங்கும். கண்ணின் வெள்ளைக்கு வெள்ளை நூல் போட்டால் பேய் முழிக்கும். மேல் இமையின் நிழல் விழுவதால் அது மங்கல்தான், 842 போதும். தூய வெள்ளை அந்த ஒளிப்பொட்டுக்கும் மூக்குத்திக்கும் மட்டும். உதட்டுக்கு 3772, பொட்டுக்கு 498, நரைத்த முடிக்கு மூன்று சாம்பல், சேலைக்கு ஒன்று. மொத்தம் 15. பின்னணி வெறும் துணி.

முருகேசன்: வெறும் துணி விட்டால் நரைமுடி வெள்ளை ஐடாவோடு கரைந்துவிடும்.

வசந்தி: அதுவும் உண்மை. மாநிறத் துணி வாங்கலாம். அல்லது சேலை நிறத்தையே முடியைச் சுற்றி இழுக்கலாம், ஆனால் அது எனக்குப் பிடிப்பதில்லை.

மாலதி: செய்து பார்த்தேன். பச்சை போய்விட்டது, வலக்கண் தெளிவாக இருக்கிறது. இடக்கண் மட்டும் நிழலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வசந்தி: நூல் நிறங்கள் போட்ட படத்தை out.png என்று சேமித்து, சாம்பலாக்கிப் பாருங்கள்:

```
magick out.png -colorspace Gray sodhanai.png
```

இமைக்கோடும் கண்குழியின் நிழலும் ஒரே சாம்பலாகத் தெரிகிறதா? அப்படியானால் குழியில் 938ஐ எடுத்துவிட்டு 801 வையுங்கள், கையால்தான், கட்டம் கட்டமாக. புருவத்தைத் தொடாதீர்கள். புருவத்தை அழித்த முகங்களை அடையாளம் காண்பது, கண்ணை அழித்தவற்றை விடக் கடினம் என்று 2003இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது.

மாலதி: சாம்பலில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மாற்றியதும் இமை பிரிந்துவிட்டது. ஆனால் கன்னத்தில் 434க்கும் 435க்கும் நடுவே வரப்பு போட்ட மாதிரி கோடு தெரிகிறது, அக்கா.

பாலா: இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்? அங்கே டிதரிங் வேண்டும்.

வசந்தி: வேண்டாம். 14 கவுண்டில் ஊசியில் இரண்டு இழை கோக்கிறோம் அல்லவா? அந்தக் கோட்டை ஒட்டி மூன்று நான்கு தையல் அகலத்துக்கு ஓர் இழை 434, ஓர் இழை 435 கோத்துத் தையுங்கள். நடுப்படி கிடைக்கும், புதிய நூல் வாங்க வேண்டாம், 15 அப்படியே இருக்கும்.

பாலா: அக்கா, அது டிதரிங்தான். தையலுக்கு வெளியே வேண்டாம் என்றதைத் தையலுக்குள்ளே செய்கிறீர்கள்.

வசந்தி: பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சிக்கு வராது, அதுதான் எனக்கு வேண்டும்.

முருகேசன்: இரண்டு இழையும் முறுக்கிக்கொண்டால் ஒரு தையலில் ஒன்று மேலே, அடுத்ததில் மற்றது மேலே என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். மாலதி, 20க்கு 20 கட்டம் தனித் துணியில் தைத்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வையுங்கள்.