உதவி: ‘தாய்மடி’ என்று பெயர் வைத்தோம், கடையில் சிரிக்கிறார்கள்

பட்டர்வொர்த்_வாசு: குழந்தைகளுக்கான சோப்பும் தேங்காய் எண்ணெயும் செய்கிறோம். பெயர் ‘தாய்மடி’. பினாங்கில் மூன்று கடைகளில் வைத்தோம். கையில் எடுப்பவர்கள் சிரித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். வேறு பெயர் சொல்லுங்கள், அவசரம்.

செல்வி_ஈப்போ: யார் சிரிக்கிறார்கள்? தமிழர்களா, மலாய்க்காரர்களா? புட்டியில் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது?

கவின்: பெயரில் வல்லினம் இருந்தால் முரட்டுத்தனம்தான். மெல்லினமும் இடையினமும் மட்டும் வையுங்கள். ‘லாலி’ எப்படி? நாவே வழுக்குகிறது.

மலர்அம்மா: என் பேரனுக்கு ஒரு எண்ணெய் தேய்த்ததும் உடம்பெல்லாம் சிவந்துவிட்டது. அதில் வாசனை சேர்த்திருந்தார்கள். உங்களுடையதில் இருக்கிறதா?

பட்டர்வொர்த்_வாசு: வாசனை கிடையாது, அம்மா. மலாய்த் தாய்மார்கள்தான் சிரிக்கிறார்கள். எழுத்து ரோமன். டி, ஏ, ஐ, பிறகு மடி.

பழைய_நூலகர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மலாய்ப் பேச்சில் அந்த மூன்று எழுத்தும் மலத்தைக் குறிக்கும். எழுத்தில் நடுவே ஒரு ‘எச்’ வரும், பேச்சில் அது கரைந்துவிடும். குழந்தைக்குப் பூசும் எண்ணெய்மேல் அதை அச்சடித்திருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

செல்வி_ஈப்போ: அவரை ஏன் குத்துகிறீர்கள்? கவின் சொன்னது பாதி சரி. ‘மலுமா’, ‘தக்கெத்தே’ என்று இரண்டு வெற்றுச் சொற்களைக் கொடுத்தால், பெரும்பாலோர் முதலாவதை வளைவான உருவத்தோடும் இரண்டாவதைக் கூர்முனை உருவத்தோடும் சேர்க்கிறார்கள் என்பது உளவியலாளர் கோலரின் சோதனை. ஆனால் பொருள் தெரிந்துவிட்டால் ஓசை தோற்றுவிடும். ‘லாலி’ என்றால் மலாயில் மரத்துப்போனது என்று பொருள். ‘மழலை’யில் ழகரத்துக்கு ‘எல்’ போட்டால், வாலில் ‘லாலாய்’ நிற்கும். அலட்சியம் என்று பொருள். ‘நிலா’ அங்கே அவுரி நீலம். ஒரு சொட்டு நீலத்தால் பானைப் பாலே கெட்டது என்று பழமொழியே இருக்கிறது.

கவின்: அப்படியானால் தமிழ்ப் பெயரே வேண்டாம். மலாயில் மென்மைக்குச் சொல்லும் ‘லெம்புட்’ என்றே வைத்துவிடுங்கள்.

பழைய_நூலகர்: நம் பொருளுக்கு நம் பெயர் கூடாதா? நன்றாயிருக்கிறது நியாயம்!

கவின்: சோப்பு விற்கவேண்டுமா, மொழியை வளர்க்கவேண்டுமா?

செல்வி_ஈப்போ: சண்டை பிறகு. பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் சொல்லை வணிகக் குறியாகப் பதிவது கடினம், பக்கத்துக் கடைக்காரரும் அதையே போடுவார். மென்மையைச் சொல்லாமல் உணர்த்தவேண்டும். ‘மல்லி’ என்று ரோமனில் எழுதி, அர்த்தம் சொல்லாமல் ஐந்து மலாய்த் தாய்மாரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முகம் சொல்லிவிடும். வாசனை இல்லை என்பதைப் பெயருக்குக் கீழே தனி வரியாகப் போடுங்கள். மலர்அம்மா போன்றவர்கள் தேடுவது அதைத்தான்.

மலர்அம்மா: மல்லி என்றால் எனக்கு ரசம்தான் நினைவுக்கு வருகிறது.

பட்டர்வொர்த்_வாசு: நால்வரிடம் கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் பலசரக்கா என்றார். நானூறு லேபிள் வீண். நன்றி, அக்கா.