இன்டர்வியூவுக்குக் கூடுதல் நேரம் கேட்டு மெயில் எழுத உதவி தேவை

வணக்கம். எனக்கு செரிப்ரல் பால்சி. சக்கர நாற்காலியில்தான் போய்வருவேன். டைப் செய்வது இடது கையால் மட்டும். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. முதலில் 90 நிமிட ஆன்லைன் கோடிங் டெஸ்ட், அப்புறம் நேர்முகம்.

அரசுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். அதே கணக்கில் 30 நிமிடம் கேட்க நினைக்கிறேன். தனியார் நிறுவனத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது என்று தெரியும். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர்களுக்கும் சம வாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும். அதை முதல் மெயிலிலேயே சொன்னால் மிரட்டுவதுபோல் ஆகிவிடுமா?

லிங்க்கைத் திறந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அதனால் லிங்க் அனுப்புவதற்கு முன்பே நேரத்தை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். போனில் பேசினாலும் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது, இல்லையா?

இடம் பற்றியும் ஒரு கவலை. போன தடவை வேறொரு இடத்தில் “லிஃப்ட் இருக்கு” என்றார்கள். போனால், லிஃப்டுக்கு முன்னால் நாலு படி! இந்த முறை வாசல் படி, கதவு அகலம், கழிப்பறை மூன்றையும் தனித்தனியாகக் கேட்கப் போகிறேன். என் நாற்காலி 66 செ.மீ. அகலம்.

யூடிஐடி அட்டையை இப்போதே இணைக்கலாமா, அவர்கள் கேட்டால் மட்டும் கொடுக்கலாமா? இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது உங்கள் மெயிலின் வாசகத்தைப் பகிர முடியுமா? வியாழனுக்குள் அனுப்ப வேண்டும்.