சத்துவாச்சாரி வீட்டு ஒப்பந்தம்: அட்வான்ஸ் பிரிவை எப்படித் திருத்தச் சொல்வது?

வணக்கம். தங்கை குடும்பத்துக்காகப் பார்த்த வீட்டின் ஒப்பந்தத்தை ஓனர் பிடிஎஃப்பாக அனுப்பியிருக்கிறார். வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. ஸ்கேன் செய்த பக்கங்கள் என்பதால் தேடினால் ஒன்றும் சிக்காது, வரிவரியாகப் படித்தேன்.

8ஆம் பிரிவில் நோட்டீஸ் 2 மாதம், எழுத்தில். அதுவும் அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் கணக்கு. ஜூன் 10 அன்று கொடுத்தால் ஆகஸ்ட் 31 வரை வாடகை ஓடும். ‘2 மாதம்’ என்பது உண்மையில் இரண்டே முக்கால் மாதம்!

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உறுத்துவது 12ஆம் பிரிவு: பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை கழித்து, ‘அடுத்த குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்ததும்’ மீதி தரப்படும். அதாவது 41,000 ரூபாய்க்குத் தேதியே இல்லை. வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் வாய் திறக்க முடியாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமோ, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, தரச் சொல்கிறது.

‘சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், ரசீது காட்டிய செலவு மட்டும் கழித்து, வங்கிக் கணக்கில்’ என்று மாற்றக் கேட்கப் போகிறோம். வேலூர், காட்பாடி பக்கம் இப்படித் திருத்தி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? ஓனர் எதற்கு இறங்கி வந்தார்? வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோட்டீஸும் செல்லும் என்று எழுதிக்கொண்டவர்கள், அந்த வாசகத்தை இங்கே போட முடியுமா? கையெழுத்து ஞாயிற்றுக்கிழமை.