புதுப்பிப்பு: கர்நாடக அரசு குடும்பத்தலைவிகளுக்குத் தரும் கிருஹலட்சுமி பணம் எங்கே நிற்கிறது?

"மனு ஏற்கப்பட்டது என்று வந்துவிட்டது, மாதம் 2,000 ரூபாய் மட்டும் வரவில்லை. பெங்களூர் ஒன் மையத்தில் மறுபடி விண்ணப்பிக்கணுமா?"

வேண்டாம் அக்கா. வங்கியில் ஆதார் கொடுத்தாலே போதும் என்று ஒரு தம்பி சொன்னது பாதிதான் சரி. அது கணக்கு தொடங்குவதற்கு. அரசுப் பணம் வர, ஒரே ஒரு கணக்கு ஆதாரோடு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், அதுதான் சீடிங்.

myaadhaar.uidai.gov.in தளத்தில் Bank Seeding Status பாருங்கள். ஆதாரில் பதிந்த கைபேசிக்கு ஓடிபி வரும். அல்சூர் அக்கா ஒருவருக்கு, எப்போதோ மறந்துபோன வங்கியின் பெயர் வந்தது. பக்கத்தில் Inactive. இப்போது பயன்படுத்தும் வங்கிக்கே போய் ஆதார் சீடிங் படிவம் கொடுத்தார், Active ஆகிவிட்டது. விட்டுப்போன மாதங்களின் பணத்துக்கு இன்னும் காத்திருக்கிறார்.

ரேஷன் கார்டில் மாமியார்தான் குடும்பத்தலைவி என்று எழுதிய தங்கச்சிக்கு: உங்கள் சிக்கல் வேறு. பணம் கார்டில் தலைவியாக இருப்பவருக்குத்தான், அதனால் மனு மாமியார் பெயரில்தான் போக வேண்டும். அவரோ அவர் கணவரோ வருமான வரியோ ஜிஎஸ்டியோ கட்டினால் கிடைக்காது. அப்புறம், மாமனாரின் ஆதாரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.